மாமாவின் சொசைட்டிக் கடனும் என் வீட்டுக் கடனும்

2023 ஏப்ரல் மாதம் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. நான் அப்போது பாலக்கோட்டில் ரயில் ஏறி ஓசூர் போய்க்கொண்டிருந்தேன். வழக்கமாக அந்தச் செய்திகளைப் படிக்காமலே தள்ளிவிடுவேன். அன்றைக்கு இராயக்கோட்டை தாண்டுகிற வரை வேறு வேலை இல்லாததால் படித்தேன். படித்துவிட்டு வீட்டுக் கடன் கணக்கைத் திறந்து பார்த்தேன். அந்த மாதம் நான் கட்டிய தவணை 11,540 ரூபாய். அந்த மாதத்து வட்டி மட்டும் 11,567 ரூபாய். அதாவது முழுத் தவணையையும் கட்டிய பிறகு என் கடன் 27 ரூபாய் கூடியிருந்தது.

நான் ஓசூரில் ஒரு சின்ன உதிரிபாகப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். வட்டி என்றால் என்னவென்று தெரியாதவன் இல்லை. ஆனாலும் அந்த 27 ரூபாய் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அதைவிட எரிச்சலாக இருந்தது அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, தக்காளியும் கரும்பும் போடுகிறவர், வீட்டுக்கு வந்திருந்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு, "கவர்மெண்ட் வட்டிய ஏத்திட்டான்னா எனக்கு மட்டும் ஏன்டா ஏறல?" என்று கேட்டார். அவருக்கும் கடன் இருக்கிறது. சொசைட்டியில் பயிர்க்கடன், ஒரு லட்சம். அது ஒரு காசு கூட ஏறவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. "அது வேற, இது வேற" என்று சொல்லி மழுப்பினேன். எது வேறு, எப்படி வேறு என்பதைத் தேடியதுதான் இந்தப் பதிவு.

## பெயரிலேயே குழப்பம்

முதலில் நம் பத்திரிகைகளைக் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வட்டியை அறிவிக்கும்போது, 'நிதிக் கொள்கைக் குழு கூட்டம்' என்று தலைப்புப் போடுகிறார்கள். பட்ஜெட் வந்தால் அதற்கும் நிதிக் கொள்கை. இரண்டும் ஒரே பெயரில் வந்தால் மாமா மாதிரி ஆட்கள் எல்லாவற்றையும் 'கவர்மெண்ட்' என்று ஒரே மூட்டையில் கட்டுவதில் என்ன தப்பு? பணத்தின் விலையை, அதாவது வட்டியை, ஏற்றி இறக்குவது பணவியல் கொள்கை. அது ரிசர்வ் வங்கியின் வேலை. வரி போடுவது, செலவு செய்வது, மானியம் கொடுப்பது, பற்றாக்குறைக்குக் கடன் வாங்குவது, இவைதான் நிதிக் கொள்கை. அது மத்திய அரசும் மாநில அரசும் செய்வது. இதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். எனக்கு உறைத்தது 27 ரூபாயில்தான்.

வட்டியை முடிவு செய்வது ஆறு பேர். ரிசர்வ் வங்கி ஆளுநர், பணவியல் கொள்கையைக் கவனிக்கும் துணை ஆளுநர், வங்கியின் இன்னொரு அதிகாரி என்று உள்ளே மூன்று பேர். மத்திய அரசு நியமிக்கும் வெளி நிபுணர்கள் மூன்று பேர். ஓட்டுப் போடுவார்கள், சமமாக வந்தால் ஆளுநருக்கு இன்னொரு ஓட்டு. 2016-க்கு முன்னால் ஆளுநரே முடிவு செய்துவிடுவார், குழுவெல்லாம் அப்புறம் வந்தது. பணவீக்கத்தை 4 சதவிகிதத்தில் வைக்க வேண்டும், கீழே 2, மேலே 6 வரை போகலாம் என்பது அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட இலக்கு. இந்த இலக்கை அவர்களே வைத்துக்கொள்வதில்லை என்பதைத்தான் நான் கவனிக்காமல் இருந்தேன். ரிசர்வ் வங்கியைக் கலந்துகொண்டு மத்திய அரசுதான் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை நிர்ணயிக்கிறது. எங்கே போக வேண்டும் என்பதை அரசு சொல்கிறது, வண்டியை ஓட்டுவது அவர்கள். தொடர்ந்து மூன்று காலாண்டு 6-க்கு மேலே போய்விட்டால் ஏன் தவறினோம் என்று அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2022-ல் அப்படி எழுதவும் வேண்டி வந்தது.

## ஒரே மாதத்தில் இரண்டு கை

என் கதை 2022 மே மாதத்தில் தொடங்குகிறது. அதற்கு நாலு மாதம் முன்னால்தான் 15 லட்சம் வாங்கி வீட்டை முடித்திருந்தேன். அப்போது ரெப்போ, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கிற வட்டி, 4 சதவிகிதம். வங்கி அதன் மேல் 2.90 வைத்து 6.90-க்குக் கொடுத்தது. 20 வருடம், 240 தவணை, 2042 ஜனவரியில் முடியும். இதைவிடக் குறைவாக வட்டி இனி கிடைக்காது என்று வங்கியில் சொன்னார்கள். அது உண்மையாகவே போய்விட்டது, அவர்கள் நினைத்த அர்த்தத்தில் இல்லை.

மே 4, புதன்கிழமை, பகல் 2 மணிக்கு ஆளுநர் சக்திகாந்த தாஸ் திடீரென்று பேசினார். அட்டவணையில் இல்லாத கூட்டம். ரெப்போ 4-லிருந்து 4.40. உக்ரைன் போர் தொடங்கி எண்ணெயும் கோதுமையும் ஏறிக்கிடந்த நேரம். அந்த ஏப்ரலின் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவிகிதம் என்று அடுத்த வாரம் வந்தது. ஜூனில் 4.90, ஆகஸ்டில் 5.40, செப்டம்பர் கடைசியில் 5.90, டிசம்பரில் 6.25, 2023 பிப்ரவரியில் 6.50. ஒன்பது மாதத்தில் இரண்டரை சதவிகிதம்.

அதே மே மாதம் 21-ஆம் தேதி ராத்திரி இன்னொரு அறிவிப்பு. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பெட்ரோல் மீதான கலால் வரியை லிட்டருக்கு 8 ரூபாயும் டீசல் மீது 6 ரூபாயும் குறைத்தார். மறுநாள் காலை பங்கில் விலை இறங்கியிருந்தது. அன்றைக்கு டிராக்டருக்கு டீசல் போட்டுவிட்டு வந்த மாமா சொன்னதை இன்னும் மறக்கவில்லை: "ஒருத்தன் மாட்ட முன்னால இழுக்கறான், ஒருத்தன் வால புடிச்சு பின்னால இழுக்கறான்." எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒருவர் என் கையிலிருந்து பணத்தைப் பிடுங்குகிறார், இன்னொருவர் கொடுக்கிறார். இரண்டுமே விலைவாசியைக் குறைக்கவாம்!

கொஞ்சம் யோசித்தால் இரண்டும் வேறு வேறு ஆயுதங்கள். வரிக் குறைப்பு ஒரு குறிப்பிட்ட பொருளைப் பார்த்து அடிக்கும். டீசலைக் குறைத்தால் டீசல்தான் குறையும், ராத்திரி அறிவித்தால் காலையில் தெரியும். ஆனால் அதற்குக் காசு வேண்டும். அந்த ஒரு முடிவால் வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று நிதியமைச்சரே அன்று சொன்னார். அந்தப் பணத்தை வேறு எங்காவது குறைக்க வேண்டும், இல்லை கடன் வாங்க வேண்டும். வட்டி உயர்வுக்கு அப்படி யாரும் கஜானாவிலிருந்து எடுத்துக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எதையும் குறிபார்க்காது. டீசலைக் குறை, தக்காளியை விடு என்று அதனிடம் சொல்ல முடியாது. மெதுவாகத்தான் வரும், வந்தால் பரவலாக வரும்.

## ரெப்போ பாலக்கோட்டுக்கு வந்த வழி

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? இதை என் கணக்கிலேயே பார்க்கலாம். வங்கிகள் அரசுப் பத்திரங்களை அடகு வைத்து ரிசர்வ் வங்கியிடம் குறுகிய காலக் கடன் வாங்கும்போது கொடுக்கிற வட்டிதான் ரெப்போ. நம் ஊர் நகையடகு மாதிரிதான், நகைக்குப் பதில் பத்திரம். கையில் பணம் மிஞ்சிய வங்கி அதை ரிசர்வ் வங்கியிலேயே போட்டு வைத்தும் வட்டி வாங்கலாம், அது ரெப்போவைவிடக் கால் சதவிகிதம் குறைவு. ரெப்போ 6.50 ஆகி, ரிஸ்க் இல்லாமல் அங்கேயே 6.25 கிடைக்கும்போது எனக்கு 6.90-க்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்று எந்த வங்கியும் நினைக்கும். அப்படித்தான் ஒரு விகிதத்தை மாற்றினால் ஊரிலுள்ள விகிதமெல்லாம் நகர்கிறது.

முன்பெல்லாம் இது வாடிக்கையாளரிடம் வந்து சேரவே மாதக் கணக்கில் ஆகும், அதுவும் ஏறும்போது சீக்கிரம் வரும், இறங்கும்போது வராது. அதனால்தான் 2019 அக்டோபர் 1 முதல் புதிதாகக் கொடுக்கும் மிதக்கும் வட்டி வீட்டுக் கடனையும் சிறுதொழில் கடனையும் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு வங்கிகள் இணைக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது மாற்றியமைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. என் கடனில் அந்தக் கயிறு நேரடியாகக் கட்டப்பட்டிருந்தது.

அதனால் மே மாதம் ஏற்றியது ஜூலையில்தான் என்னிடம் வந்தது. ஜூலையில் 7.80, அக்டோபரில் 8.80, ஜனவரியில் 9.15, ஏப்ரலில் 9.40. தவணையை மாற்றவில்லை, காலத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். தொடக்கத்தில் 11,540-ல் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அசலுக்குப் போயிற்று. ஜூலையில் அது 1,886. அக்டோபரில் 690. ஜனவரியில் 274. ஏப்ரலில் மைனஸ் 27. அதுவரை 14 தவணை, மொத்தம் 1,61,560 ரூபாய் கட்டியிருந்தேன். அதில் அசலில் குறைந்தது 23 ஆயிரத்துச் சொச்சம்.

தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்ததுதான் என் தப்பு. தவணை மாறாமல் இருந்தால் வேறு ஏதோ ஒன்று மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு காலாண்டும் கணக்கில் அசல், வட்டி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிற பக்கத்தைப் பார்த்திருந்தால் அக்டோபரிலேயே தெரிந்திருக்கும். என்னைப் போல நிறையப் பேருக்கு நடந்திருக்க வேண்டும். அந்த வருடம் ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: வட்டி மாறும்போது தவணையை உயர்த்தவா, காலத்தை நீட்டவா, இரண்டும் கலந்தா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும், கட்டிய பிறகும் கடன் கூடுகிற நிலை வரக்கூடாது என்று. எனக்கு நாலு மாதம் தாமதம். நான் மே மாதமே போய் தவணையை 13,960-ஆக உயர்த்திக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே 2042 ஜனவரியில் முடிக்க ஏறத்தாழ அவ்வளவு தேவைப்பட்டது.

## மாமாவின் ஒரு லட்சம்

இப்போது மாமாவின் கேள்விக்கு வருகிறேன். சொசைட்டிப் பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவிகிதம் என்று தாளில் எழுதியிருக்கும். ஒரு லட்சத்துக்கு வருடம் 7,000. கெடு தேதிக்குள் கட்டிவிட்டால் மாமா அதில் ஒரு ரூபாயும் கொடுப்பதில்லை. மத்திய அரசும் மாநில அரசும் பங்கிட்டு பட்ஜெட்டிலிருந்து சங்கத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. ரெப்போ 4 ஆனாலும் 6.50 ஆனாலும் மாமாவுக்கு அது பூஜ்யம்தான். கடன் என்று பெயர் இருந்தாலும் அதன் வட்டி நிதிக் கொள்கைக்குள் இருக்கிறது. ரெப்போ ஏறியதன் பாரம் மறைந்துவிடவில்லை, அரசின் கணக்கில் எங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு நாள் கெடு தாண்டினால் மட்டும் மாமாவின் தலையில் விழும். அதனால்தான் அவர் வீட்டுக் காலண்டரில் ஒரு தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருப்பார், அத்தை அதை மறைத்துப் பால் கணக்கு எழுதினால் சண்டை வரும்.

2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி அறிவித்தார்களே, 16.43 லட்சம் விவசாயிகள், 12,110 கோடி ரூபாய், அதுவும் நிதிக் கொள்கைதான். சட்டமன்றத்தில் எழுந்து முதல்வர் அறிவித்தார். ரிசர்வ் வங்கி ஆளுநர் அப்படி ஒன்றை அறிவிக்கவே முடியாது. பதிலுக்கு, எந்த முதல்வரும் ரெப்போவைக் குறைக்க முடியாது. மாநில அரசு நோட்டு அடிக்க முடியாது, மத்திய அரசு அனுமதிக்கிற அளவுக்குத்தான் கடனும் வாங்க முடியும். எங்கள் தெருவில் ஒருவர் வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கச் சொல்லி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் தர்மபுரி கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டு வந்தார். மனுவை வாங்கிக்கொண்டார்கள். சொசைட்டியில் கடன் தரவில்லை என்று கொடுத்திருந்தால் யாரையாவது கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். இதற்கு யாரைக் கூப்பிடுவார்கள்?

இரண்டு கொள்கையும் தொடாத கடனும் எங்கள் குடும்பத்தில் ஒன்று உண்டு. அத்தை குழுவில் வாங்கியது, வாரா வாரம் ஆள் வந்து வசூலிக்கிற கடன். 2022-ல் ஏறவும் இல்லை, பிறகு இறங்கவும் இல்லை. வாங்கிய அன்று எழுதிய வட்டிதான் கடைசி வரை. மூன்றிலும் அதுதான் விலை அதிகமான கடன்.

## "அதான் அவங்களுக்கு வேணும்"

2023 ஜூலையில் தக்காளி நூறு ரூபாயைத் தாண்டியது. பாலக்கோடு மண்டியில் வெளியூர் லாரிகள் நின்றன. அந்த வருடம் மாமாவுக்கு நல்ல காசு. ஜூலைப் பணவீக்கம் 7.44 சதவிகிதம். நான் தினமும் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன், திரும்பவும் ஏற்றிவிடுவார்களோ என்று. ஆகஸ்ட் 10 கூட்டத்தில் ரெப்போவைத் தொடவில்லை, 6.50-லேயே விட்டார்கள். தக்காளியைக் கவனித்தது அரசுதான். தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்கள், வெங்காயமும் ஏறத் தொடங்கியதும் மத்திய அரசு அதன் ஏற்றுமதிக்கு 40 சதவிகித வரி போட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமாவின் தோட்டத்தில் உட்கார்ந்து நான் பெரிதாகப் பேசிக்கொண்டிருந்தேன். வட்டியை ஏற்றினால் தக்காளி விளைந்துவிடுமா, போன வருடம் உக்ரைனில் சண்டை நடந்ததற்கு பாலக்கோட்டில் நான் ஏன் 2,420 ரூபாய் கூடக் கட்ட வேண்டும், இது முட்டாள்தனம் என்று. மாமா கூடையைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"வண்டி வாங்கறேன்னியே, வாங்கினியா?"

"எங்க மாமா வாங்கறது, தவணையே ஏறிக்கெடக்கு."

"மேல ஒரு ரூம் எடுக்கறேன்னியே?"

"இல்ல."

"அதான் மாப்ளே அவங்களுக்கு வேணும்."

பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது முதல் பக்கத்துப் பாடமாக இருக்கலாம். எனக்கு அன்றுதான் புரிந்தது. என் கஷ்டத்தை மருந்தின் பக்கவிளைவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் கஷ்டமேதான் மருந்து. நான் வண்டி வாங்காததால் ஷோரூமில் ஒரு வண்டி நின்றது, நான் ரூம் எடுக்காததால் கம்பியும் சிமெண்டும் கொஞ்சம் குறைவாக விற்றன, என்னைப் போல லட்சக்கணக்கானவர்கள் அப்படிச் செய்ததால் விற்கிறவர்கள் விலையேற்ற யோசித்தார்கள். எங்கள் பட்டறையின் ஓவர்டிராஃப்ட் வட்டியும் ஏறியதால் முதலாளி புது மிஷின் ஆர்டரைத் தள்ளிப்போட்டார். விளைச்சல் குறைந்து ஏறுகிற தக்காளியிடம் இந்த மருந்து வேலை செய்யாது என்பது நிஜம். அதனால்தான் ஆகஸ்டில் அதைத் தொடாமல் விட்டார்கள். ஆனால் டீசலில் தொடங்கிய விலையேற்றம் சம்பளம், வாடகை, ஹோட்டல் சாப்பாடு என்று எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் அதைக் கிளப்ப வரிக் குறைப்பால் மட்டும் முடியாது. 2022-ல் அவர்களுக்கு இருந்த பயம் அதுதான்.

இருந்தாலும் ஒரு மனத்தாங்கல் எனக்கு இன்னும் போகவில்லை. இந்த மருந்தை எல்லாரும் சமமாகக் குடிப்பதில்லை. ரெப்போவோடு கயிறு கட்டிய கடன் வைத்திருப்பவன் முதலில் குடிக்கிறான். மாமாவுக்குச் சொட்டுக்கூடப் போகவில்லை. டெபாசிட் போட்டிருந்த பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியாருக்கு அது இனிப்பாகவே இருந்தது. வரியும் மானியமும் யாருக்குப் போகிறது என்று சட்டமன்றத்தில் கத்தலாம், ஓட்டுப் போடும்போது கணக்குத் தீர்க்கலாம். ரெப்போ யார் மேல் விழுந்தது என்று யாரும் கேட்பதில்லை. வட்டியை அரசியல்வாதி கையில் கொடுத்துவிடலாமா என்றால் அதற்கும் பயமாக இருக்கிறது. 1997 வரை மத்திய அரசுக்குப் பணம் குறைந்தால் ரிசர்வ் வங்கியிடம் நினைத்தபோது தற்காலிகப் பத்திரம் எழுதிக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. செலவு செய்கிறவன் கையிலேயே நோட்டு அடிக்கிற சாவியும் இருந்தால் என்ன ஆகும் என்பதால்தான் அதை நிறுத்தினார்கள். இப்போது அரசும் சந்தையில் போய்த்தான் கடன் வாங்குகிறது. ரெப்போ ஏறினால் அரசு புதிதாக வாங்கும் கடனுக்கும் வட்டி ஏறும். அந்த விஷயத்தில் நானும் நிதியமைச்சரும் ஒரே வரிசையில் நிற்கிறோம் என்பதில் ஒரு அல்ப திருப்தி.

## இறங்கியபோது

2025 பிப்ரவரியில் 6.25, ஏப்ரலில் 6, ஜூனில் 5.50, டிசம்பரில் 5.25 என்று ரெப்போ இறங்கியது. என் வட்டி 2026 ஜனவரியில் 8.15 ஆயிற்று. வங்கியிலிருந்து தவணையைக் குறைக்கட்டுமா என்று இந்தத் தடவை கேட்டார்கள். வீட்டில் எல்லாரும் குறை என்றார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதே 13,960 கட்டிக்கொண்டே போனால், இனி வட்டி மாறாமல் இருக்கிற பட்சத்தில், 2042 ஜனவரியில் முடிய வேண்டிய கடன் 2039 செப்டம்பரிலேயே முடிகிறது. இருபத்தெட்டு மாதம் மிச்சம். குறைக்க வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

மாமாவிடம் சொன்னேன். "அப்ப உனக்கும் எறங்கிருச்சு, எனக்கு மட்டும் எறங்கவே மாட்டேங்குதே" என்றார். உங்களுக்கு ஏற்கெனவே பூஜ்யம், அதற்குக் கீழே எங்கே மாமா இறங்கும் என்றேன். அவர் காலண்டரைப் பார்த்தார். கெடுவுக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது, மண்டியில் தக்காளி கிலோ எட்டு ரூபாய்க்குப் போய்க்கொண்டிருந்தது.